ஐந்து நிமிடத்தில் மாறிவிடலாம்

என் கணவர் மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல் பக்கம் போகிற வண்டிகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நோட்டில் எழுதுவதும், நேரமாகியும் டீக்கடையில் நிற்கிற டிரைவர்களை விசிலடித்து விரட்டுவதும் அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறார். அதனால் உலகத்தில் ஓடுகிற வண்டிகள் எல்லாம் தன் விசிலுக்குத்தான் கட்டுப்பட்டவை என்று ஓர் எண்ணம் அவருக்கு உண்டு. வீட்டில் சோறு பத்து நிமிஷம் பிந்தினால்கூட லேட்டுக்குக் காரணம் கேட்பார். குக்கருக்குக் கண்டக்டர் இல்லை, அதுதான் காரணம் என்று சொல்வேன்.

நான் அப்போது ஒரு தனியார் கல்லூரியில் நூலக உதவியாளராக இருந்தேன். உதவியாளர் என்று பெயர்தானே தவிர, நூலகரின் வேலை முழுவதையும் நான்தான் பார்த்தேன். அரசு நூலகர் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறை விண்ணப்பம் போடும்போதே, இதிலும் கிடைக்கவில்லையென்றால் புத்தகத்தை மூடிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நாற்பதை நெருங்குகிற வயதில், சமையலையும் வேலையையும் முடித்துவிட்டு மேசையில் உட்கார்ந்தால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. எத்தனை நாளைக்கு உடம்பு தாங்கும்?

ஹால் டிக்கெட் வந்தது. மையம் சென்னை என்று போட்டிருந்தது. முகப்பேர் மேற்கில் ஒரு பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வு. ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், அதற்குமேல் யாரையும் விடமாட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்கோ முகமெல்லாம் பிரகாசம். ஒரு வண்டியைப் பிடித்து, இன்னொரு வண்டி மாறி, ஒரு குறிப்பிட்ட மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால் அதை அவரைத் தவிர யார் திட்டம் போடுவது?

அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். சனிக்கிழமையே போய் அவள் வீட்டில் தங்கிவிடுவது என்று முடிவானது. கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை. பரங்கிமலையில் இறங்கி மெட்ரோவில் திருமங்கலம். மெட்ரோவிலிருந்து இறங்கினால் ஸ்டேஷன் பக்கத்திலிருந்தே ஒரு சிற்றுந்து கிளம்புகிறது, அது பள்ளிக்கூடத்தின் வாசலுக்கே போகிறது. இரண்டே மாற்றம். இதை நாத்தனாரிடம் போனில் கேட்டே தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் சுலபமாக எதையும் செய்ய மாட்டார்.

ஜெராக்ஸ் கடையில் மெட்ரோ வரைபடத்தைக் கலரில் எடுத்துக்கொண்டு வந்தார். மின்சார ரயிலின் கால அட்டவணையை நான்கு பக்கம் எடுத்து, பசை தடவி ஒட்டி, சாப்பாட்டு மேசை நீளத்துக்கு விரித்தார். சிற்றுந்து கிளம்பும் நேரத்தை மட்டும் நாத்தனாரின் வீட்டுக்காரரை நேரில் அனுப்பிப் பார்த்து எழுதி வாங்கினார். மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. பஸ் ஸ்டாண்டிலும் இதே பேச்சாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் நான் வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தபோது, முன்பின் தெரியாத ஒரு தேனி டிரைவர், பரங்கிமலையில் எந்தப் பக்கப் படியில் ஏற வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

முதல் திட்டத்தில் ஏழேகால் ரயில் இருந்தது. நான் அட்டவணையைப் பார்த்தேன். நூலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், பொடி எழுத்தை விடமாட்டோம். அந்த ரயிலின் எண்ணுக்குமேல் கடுகு அளவில் ஒரு நட்சத்திரம் இருந்தது. பக்கத்தின் அடியில் அதே நட்சத்திரத்துக்கு நேராக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாது என்று எழுதியிருந்தது. அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். தேர்வு ஞாயிற்றுக்கிழமை என்பது அவருக்கும் தெரியும். ரயிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை.

"நம்ம வண்டிக்கெல்லாம் லீவு கெடையாதுல்ல, அந்த நெனப்புல பாத்துட்டேன்" என்றார்.

ஞாயிறு அட்டவணையில் எங்களுக்குத் தோதாக இரண்டு ரயில்கள்தான் இருந்தன. ஒன்று ஆறு இருபதுக்கு, இன்னொன்று ஏழு இரண்டுக்கு. ஆறு இருபதில் போய்விடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு சீக்கிரம் போனால் தெருவில் வெயிலில்தான் நிற்க வேண்டும், படித்ததெல்லாம் ஆவியாகிவிடும் என்றார். மேசையில் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏழு இரண்டு ரயில் ஏழே முக்காலுக்குப் பரங்கிமலை. வரைபடத்தில் பச்சைக் கோடாகப் போகிற மெட்ரோ பரங்கிமலையில்தான் கிளம்புகிறது, ஞாயிறு காலையில் பத்து நிமிஷத்துக்கு ஒன்று, ஆகவே ஏழு ஐம்பது. திருமங்கலத்துக்கு இருபது நிமிஷம், எட்டுப் பத்து. சிற்றுந்து எட்டேகாலுக்கு. எட்டு முப்பத்தைந்துக்குப் பள்ளிக்கூட வாசல். இருபத்தைந்து நிமிஷம் மிச்சம்.

மாறுவதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறதே என்று கேட்டேன். வரைபடத்தில் பரங்கிமலையைச் சுட்டுவிரலால் தட்டினார். ரயிலும் மெட்ரோவும் அங்கே ஒரே வட்டத்துக்குள் இருந்தன.

"ரெண்டும் ஒரே எடம்தான். நம்ம ஸ்டாண்டுல ஒரு வண்டிய விட்டு எறங்கி மறு வண்டியில ஏற எம்புட்டு நேரமாகும்? ரெண்டு நிமிஷம். நான் அஞ்சு போட்ருக்கேன்."

அதில் எனக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. நாற்பது நிமிஷம் கூடத் தூங்கலாம், இன்னொருமுறை குறிப்புகளைப் புரட்டலாம் என்கிற ஆசையும் இருந்தது. பிற்பாடு எல்லாப் பழியையும் அவர் தலையில் கட்டினேனே தவிர, அந்தச் சபலம் என்னுடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாமே அவர் தாளில் எழுதியபடி நடந்தது. நாத்தனாரின் வீட்டுக்காரர் கூடவே ஸ்டேஷனுக்கு வந்து மெஷினில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ஏழு இரண்டு ரயில் ஏழு இரண்டுக்கு வந்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் இவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், தாளில் டிக் அடிப்பார். ஊரப்பாக்கம் டிக். வண்டலூர் டிக். எதிரே உட்கார்ந்திருந்தவர் இவரை ரயில்வே அதிகாரி என்று நினைத்து, தாம்பரத்தில் மின்விசிறி ஓடவில்லை என்று முறையிட்டார். இவரும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு குறித்துக்கொண்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேர்வுக்குப் போகிறவள் அப்படிச் சிரித்தது அந்த ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

ஏழு நாற்பத்தைந்துக்குப் பரங்கிமலையில் கால் வைத்தோம். யாரையும் குறை சொல்ல வழியில்லாத அளவுக்குச் சரியான நேரம்.

அங்கிருந்துதான் ஆரம்பித்தது. வரைபடத்தில் ஒரே வட்டமாக இருந்த இடம், நேரில் பார்த்தால் மாடிக்குமேல் மாடியாக எழும்பி நிற்கிறது. நடைமேடையின் கோடிக்கு நடந்து, கூட்டத்தோடு படியேறி, நடைபாலத்தைக் கடந்து மெட்ரோவுக்குள் போவதற்கே மூன்று நிமிஷம் ஆகிவிட்டது. உள்ளே போனால் பையை மெஷினில் போடச் சொன்னார்கள். போட்டோம். பைக்குள் இருந்த தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா எல்லாம் மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தன. இவர் பையைத் தூக்கிக்கொண்டு நேராகத் தானியங்கிக் கதவுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. தள்ளினார். அப்போதும் திறக்கவில்லை.

பக்கத்தில் நின்ற காவல் பெண் டிக்கெட்டைக் காட்டச் சொன்னாள்.

"ஏறுன பெறகுதானம்மா டிக்கெட்டு எடுக்கணும்?" என்றார் என் கணவர்.

இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸோடு வாழ்ந்த மனிதர். பஸ்ஸில் முதலில் ஏறுவோம், கண்டக்டர் நம்மைத் தேடி வருவார், டிக்கெட் கிழிப்பார். மின்சார ரயில் டிக்கெட்டையோ நாத்தனாரின் வீட்டுக்காரர் எடுத்துக் கையில் திணித்துவிட்டார். மூன்று நாட்கள் உட்கார்ந்து போட்ட அந்தத் திட்டத்தில், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் டிக்கெட் வாங்க ஒரு நிமிஷம்கூட அவர் ஒதுக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அவர் மனதில் இல்லை.

கவுன்டரில் எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. அவர்களுக்குள் எங்கே போவது என்றே இன்னும் முடிவாகவில்லை. டிக்கெட் கைக்கு வந்து, கதவில் காட்டி, நகரும் படியில் ஏறியபோது மணி ஏழு ஐம்பதாக இன்னும் சில நொடிகளே இருந்தன. மேலே மெட்ரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அமைதியாக நின்றிருந்தது. நின்ற வண்டியைப் பார்த்ததும் இவருக்கு உயிர் வந்துவிட்டது. என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடினார். வண்டியில் ஏற அல்ல, வண்டியை நிறுத்திவைக்க. கையை உயர்த்தி, வண்டியின் முகப்பைப் பார்த்து, ஆள் வருகிறது, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினார். ஆரப்பாளையத்தில் அந்தக் கையைப் பார்த்தால் உசிலம்பட்டி வண்டியும் நிற்கும், போடி வண்டியும் நிற்கும். திண்டுக்கல் வண்டியில் இறங்கி ஓடி வருகிறவர்களுக்காக இவர் எத்தனை வண்டிகளை அப்படிப் பிடித்துவைத்திருக்கிறார்.

இங்கே கதவு மூடிக்கொண்டது. வண்டி சத்தமில்லாமல் போய்விட்டது. அவர் கையை இறக்க மறந்து நின்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இது ஒங்க பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சீங்களா? ஆறு இருவதுக்கே போவோம்னு தலையில அடிச்சுச் சொன்னேன்ல" என்று நாலு பேர் பார்க்கும்படி கத்திவிட்டேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். அன்று தாளை எடுத்து அடுத்த வண்டியின் நேரத்தைக் கீழே எழுத ஆரம்பித்தார். எண்களை அவர் அடித்து அடித்துத் திருத்தி எழுதியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் வாயை மூடவில்லை.

அடுத்த மெட்ரோ எட்டு மணிக்கு. அப்படியானால் திருமங்கலம் எட்டு இருபது. எட்டேகால் சிற்றுந்து போயிருக்கும். அடுத்த சிற்றுந்து எப்போது என்று கேட்டேன். எட்டு ஐம்பது என்று மெல்லச் சொன்னார். அதில் ஏறினால் பள்ளிக்கூடம் போய்ச் சேர ஒன்பது பத்து ஆகும். ஒன்பது மணிக்கு கேட் மூடப்படும். பத்து நிமிஷ மெட்ரோ தவறியதற்கு முப்பத்தைந்து நிமிஷ விலை. இது எப்படி என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. அடிக்கடி வருகிற வண்டியைத் தவற விட்டதால், எப்போதாவது வருகிற வண்டி கையைவிட்டுப் போய்விட்டது.

வண்டி வந்ததும் ஏறினோம். ஆட்டோ பிடித்துவிடலாம் என்று போனில் அந்தச் செயலியைத் திறந்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று காலை அந்த வட்டாரத்துக்குத் தேர்வு எழுதப் போகிற எல்லோரும் அதையேதான் செய்துகொண்டிருந்திருப்பார்கள். ஆலந்தூர் தாண்டியது. அசோக் நகர் தாண்டியது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எதிரே கதவுக்குமேலே பாதைப் படம் ஒட்டியிருந்தது. வேறு எதையும் பார்க்கப் பிடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைக் கோடு திருமங்கலத்தோடு நிற்கவில்லை. அதற்கு அடுத்தது அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, அப்படியே வளைந்து சென்ட்ரல்வரை போகிறது. சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. முகப்பேருக்குத் திருமங்கலத்திலிருந்து கிளம்புகிற சிற்றுந்து மட்டும்தானா பஸ்? சென்ட்ரல் பக்கம் பெரிய பஸ் நிலையமான பிராட்வேயிலிருந்து கிளம்பி, அண்ணா நகர் வழியாக முகப்பேருக்குப் போகிற வண்டி ஏதாவது இருக்காதா? இருந்தால் அது திருமங்கலத்தைத் தொட்டுக்கொண்டுதானே போக வேண்டும்? இவருடைய தாளில் திருமங்கலத்திலிருந்து புறப்படுகிற வண்டி மட்டும்தான் இருந்தது. திருமங்கலத்தைக் கடந்து போகிற வண்டி ஒன்றுகூட இல்லை.

மாநகரப் பேருந்துகளின் வழித்தடப் பட்டியலை போனில் தேடினேன். இருந்தது. பிராட்வேயிலிருந்து முகப்பேர் மேற்கு. புறப்படும் நேரங்களில் ஏழு நாற்பது என்று ஒன்று. அது பெரிய சாலையில் உள்ள நிறுத்தத்தில்தான் நிற்கும், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும்.

அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிளம்புகிற இடத்தில்தான் பஸ்ஸுக்கு நேரம் உண்டு, நடுவில் இருக்கிற நிறுத்தத்துக்கு நேரம் கிடையாது, எல்லாம் உத்தேசம்தான் என்றார். உத்தேசத்தை நம்பி இறங்குவதைவிட, எட்டு ஐம்பது சிற்றுந்தில் ஏறி டிரைவரிடம் வேகமாகப் போகச் சொல்லிப் பார்க்கலாம் என்றார். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. போனில் பார்த்தால் இரண்டு பஸ்ஸும் வேறு வேறு நிறுத்தங்களில் நிற்கின்றன. சிற்றுந்து ஸ்டேஷனை ஒட்டி உள்சாலையில். பெரிய பஸ் சிக்னலைத் தாண்டி. ஒன்றுக்காக நின்றால் இன்னொன்று போய்விடும். பிராட்வேயிலிருந்து திருமங்கலத்துக்கு எவ்வளவு நேரமாகும், அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் பட்டியலில் மொத்தப் பயண நேரத்தைப் பார்த்தார். நிறுத்தங்களை விரல்விட்டு எண்ணினார். அரும்பாக்கம் வந்தது, இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததும் ஐம்பது நிமிஷம் ஆகும், எட்டரைக்குத்தான் வரும் என்றார். நமக்கு எட்டு இருபது, அப்படியென்றால் பத்து நிமிஷம் நின்று நிதானமாக ஏறலாம் என்று நான் மூச்சுவிட்டேன்.

சொல்லிவிட்டு அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ரோடு காலியாகக் கிடந்தது. அவர் முகம் மாறியது.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம. ரோட்டுல வண்டி இல்ல, ஸ்டாப்புல ஆளு இல்ல. அம்பது நிமிஷ வண்டி நாப்பதுல வந்துரும். எறங்குனதும் ஓடணும். நீ சொல்றதுதான் சரி, பெரிய பஸ்ஸுக்கே போவோம்."

நீ சொல்றதுதான் சரி என்று அவர் வாயிலிருந்து, அதுவும் பஸ் விஷயத்தில், நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட நேரமில்லை.

திருமங்கலத்தில் கதவு திறந்ததும் ஓடினோம். வெளியே ஆட்டோ எதிலும் இடமில்லை. சிற்றுந்து நிறுத்தத்தில் என்னைப்போலவே கையில் ஹால் டிக்கெட்டோடு ஒரு பெண்ணும் அவளுடைய அப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். எட்டேகால் வண்டி போய்விட்டது, இங்கே நிற்காதீர்கள், எங்களோடு வாருங்கள் என்று இவர் ஓடிக்கொண்டே சொன்னார். அவர் குரலில் இருந்த டைம் கீப்பர் தோரணையோ என்னவோ, ஏன் எதற்கென்று கேட்காமல் இருவரும் பின்னால் ஓடி வந்தார்கள். சிக்னலைக் கடக்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டேன். நிறுத்தத்துக்கு நாங்கள் போய்ச் சேரவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. மணி எட்டு இருபத்தைந்து. முதல் கணக்குப்படி எட்டரைக்கு என்று ஆற அமர நடந்து வந்திருந்தால் அதன் பின்பக்கத்தைத்தான் பார்த்திருப்பேன்.

பஸ்ஸுக்குள் இவர் கண்டக்டரிடம் நான்கு டிக்கெட் வாங்கினார். அந்தப் பெண்ணின் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, சார் எந்த டிப்போ என்று கேட்டார். ஆரப்பாளையம் என்று இவர் கம்பீரமாகச் சொன்னார். சென்னையில் அது எங்கே இருக்கிறது என்று யோசித்தபடியே அவர் தலையாட்டினார்.

முகப்பேர் மேற்கில் இறங்கி நடந்தோம், நடந்தோம் என்பதைவிட ஓடினோம். எட்டு நாற்பத்தெட்டுக்கு கேட். ஹால் டிக்கெட்டைப் பார்த்து உள்ளே விட்டார்கள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று இவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். இரண்டு அடி வைத்தவள் திரும்பிப் பார்த்தேன். பரங்கிமலையில் கத்தியதற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் தன் செருப்பைக் கழற்றிக் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார். எனக்கு இரண்டு அளவு பெரிது.

"போட்டுக்கிட்டுப் போ. திரும்பிப் பாக்காத" என்றார்.

அந்தப் படகு மாதிரிச் செருப்பை இழுத்துக்கொண்டே மாடி ஏறி, என் எண் ஒட்டிய மேசையில் உட்கார்ந்தேன். முதல் பத்துக் கேள்விகளை இரண்டிரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. பிறகு சரியாகிவிட்டது. மதியம் வெளியே வந்தபோது அவர் வெறுங்காலோடு ஒரு வேப்பமர நிழலில் நின்றிருந்தார். தேர்வு எப்படி என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். டப்பா அவர் கையில்தானே இருக்கிறது என்றேன். இருவரும் அங்கேயே நின்று புளிசாதம் சாப்பிட்டோம். மதுரை வந்து சேர்ந்து பல நாட்கள் ஆகியும் அவர் அந்தத் தேர்வைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் நிலைமையைப் புரிந்துகொண்டு என்னைப் படுத்தாமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. கல்லூரி நூலகத்தின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். என் எண் இருந்தது. இரண்டு தடவை மூடித் திறந்து பார்த்தேன், அப்போதும் இருந்தது. போனில் சொல்ல மனம் வரவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு நேராக ஆரப்பாளையம் போனேன். மதிய நேரம், ஸ்டாண்டு முழுக்கச் சத்தம். அவர் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு டிரைவர்கள் கையெழுத்துக்குத் தாளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டி, எனக்குக் கிடைத்துவிட்டது என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். எழுந்து நின்றார். மறுபடியும் உட்கார்ந்தார். துள்ளிக் குதிப்பார், ஸ்டாண்டு முழுக்க டீ சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்து வந்தேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டிரைவர்கள் பதறிப்போய், என்னண்ணே ஆச்சு என்றார்கள்.

"அன்னைக்கு என்னாலதான் நீ ஓடியாந்து பதட்டத்தோட உக்காந்த. அந்தப் பதட்டத்துல ரெண்டு கேள்வி விட்டுப்போயி, அதுனால ஒனக்குக் கெடைக்காமப் போயிருமோன்னு நாலு மாசமா நெனைக்காத நாளில்ல" என்றார்.

அந்த நான்கு மாதமும் நான் தேறுவேனா மாட்டேனா என்பதை மட்டும்தான் யோசித்தேன். எனக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு இன்னொருவரும் அதே முடிவுக்காகக் காத்திருக்கிறார், அதுவும் என்னைவிடப் பயந்துபோய்க் காத்திருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டில் சொல்லாமல் விட்ட வார்த்தையை இத்தனை நாளில் ஒருநாளாவது நான் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. சுற்றி நாலு பேர் இருக்கிறார்களே என்று பார்க்காமல் ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர்கள் இருவரும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் அவசரமில்லை என்று டீ குடிக்கப் போய்விட்டார்கள்.